இரண்டு புள்ளி ஐந்து

சின்ன மருமகளைச் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்த்துவிட்டதே பெரிய மருமகள்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான் என்று பிற்பாடு அவள் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

அண்ணன் தம்பிகளைக் கட்டியவர்கள் இருவரும். வீடும் ஒன்று, சமையலறையும் ஒன்று. பெரியவள் அந்தப் பள்ளியின் நூலகத்தில் பதினோரு வருடமாக உதவியாளர். சின்னவள் ஒரு சிறிய அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்துகொண்டிருந்தவள். அச்சகத்தை மூடியதும் எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். பள்ளி அலுவலகத்தில் கணினி உதவியாளர் இடம் காலியானபோது, பெரியவளே முதல்வரின் அறைக்குப் போய், "எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி இருக்கா மேடம், கை சுத்தம், வேலை சுத்தம்" என்று சொன்னாள். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் பின்னால் அவளுக்குக் கசந்தது.

பள்ளியில் பெரியவளுக்கு ஒரு பட்டப் பெயர் இருந்தது. ஸ்கேனர் அக்கா. மூன்று வருடங்களுக்கு முன் மருந்தியல் பாடநூலை அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் ஸ்கேன் செய்தவள் அவள். எளிய தமிழில் எழுதப்பட்ட நல்ல புத்தகம். எழுதியவர் அதே பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். புத்தகம் அச்சில் இல்லை. நூலகத்தில் மிஞ்சியது இரண்டே பிரதி. மாணவிகளுக்காக எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். தாள்கள் பழுப்பேறி, கறை படிந்து, தொட்டால் உடையும் நிலையில் இருந்தன. பெரியவள் ஒவ்வொரு தாளாகக் கண்ணாடி மேல் கவிழ்த்து நான்கு மாதம் உழைத்தாள். முடிந்து வந்த கோப்பைப் பார்த்து முதல்வர் எல்லார் முன்னாலும், "பால் மாதிரி வெளுத்திருக்கே, பழைய புத்தகம்னு யார் சொல்லுவா?" என்றார். அந்த வாக்கியத்தை மூன்று வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தாள் பெரியவள்.

சின்னவள் சேர்ந்த இரண்டாம் மாதம், மாணவிகள் கூட்டத்தில் ஒருத்தி எழுந்தாள்.

"மேடம், அந்த மருந்தியல் புக்கை போன்ல படிக்கவே முடியல. பக்கம் முழுசாத் தெரிஞ்சா எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. பெருசாக்கினா ஒவ்வொரு வரிக்கும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளணும். அதுலயும் ரெண்டு பத்தி. பஸ்ல நின்னுட்டு எப்படிப் படிக்கிறது?"

முதல்வர் சின்னவளைப் பார்த்தார். "ஏதாவது பண்ண முடியுமாம்மா?"

"முடியும் மேடம். இப்போ அதுல இருக்கறது எழுத்து இல்ல, எழுத்தோட போட்டோ. அதைப் படிச்சு நெஜ எழுத்தா மாத்திட்டா, திரை எவ்வளவு அகலமோ அதுக்குத் தகுந்த மாதிரி வரி தானா மடங்கிக்கும். எழுத்தைப் பெருசாக்கினாலும் பக்கவாட்டுல தள்ள வேண்டியதில்ல."

பின் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவளுக்குக் காது சூடாகியது. எழுத்தோட போட்டோ. நான்கு மாத உழைப்பை இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டாளே. என்னைக் கேட்டிருக்கக் கூடாதா முதல்வர்? எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம், கேட்டிருக்கலாமே.

சின்னவளுக்கு நூலகத்திலேயே, பெரியவளுக்கு எதிரே, ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். வேலை முழுவதும் கண்ணெதிரே நடந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. சின்னவள் முதலில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்திகளையும் தனித்தனிக் கட்டமாகக் குறித்தாள். இல்லாவிட்டால் மென்பொருள் இடது பத்தி வரியையும் வலது பத்தி வரியையும் சேர்த்து உளறும். அப்புறம் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருளை ஓட்டினாள். அது துணைக்காலை ரகரம் என்று நினைத்தது. றன்னகரத்தையும் டண்ணகரத்தையும் மாற்றிப் போட்டது. அவற்றை வரிவரியாகத் திருத்தினாள். பக்கத்துக்குப் பக்கம் மேலே வந்த புத்தகத் தலைப்பையும் கீழே வந்த எண்ணையும் நீக்கினாள். வரி முடிவில் உடைந்த சொற்களை ஒட்டினாள். வெறுமே பெரிய எழுத்தாக்காமல், இது அத்தியாயத் தலைப்பு, இது உட்தலைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் கொடுத்தாள். பொருளடக்கத்தில் தொட்டால் அங்கே போய் நிற்கும். மருந்தியல் ஆசிரியை வந்து, "நான் கிளாஸ்ல இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம் எடுங்கன்னு சொன்னா இதுங்க எதை எடுக்கும்?" என்று கேட்டபோது, அச்சுப் பக்க எண்களையும் உள்ளே மறைவாகப் பதித்து வைத்திருப்பதைக் காட்டினாள். ஆசிரியை அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். பெரியவளின் தோளை அவர் தட்டி எத்தனையோ வருடமாகியிருந்தது.

வீட்டிலும் அதே பேச்சு. முதல் பாதி தயாரானதும் சின்னவள் தன் போனில் போட்டு மாமியாரிடம் கொடுத்தாள். கண் மங்கிய மாமியார் சோபாவில் உட்கார்ந்து எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்.

"பெரியவளே, இங்க வந்து பாரேன். எழுத்து பெருசாகப் பெருசாக வரி தன்னால கீழ எறங்குது. சமத்து."

"பாத்தேன் அத்தை. ஆபீஸ்ல தினமும் அதைத்தானே பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினாள்.

ராத்திரி சாப்பிடும்போது அவள் கணவனும் தன் பங்குக்கு, "தம்பி பொண்டாட்டி மூளைக்காரிதான்" என்றான்.

"ஆமா, நாங்கள்லாம் மூளையைக் கழட்டி வெச்சுட்டு வேலைக்குப் போறோம்."

அவன் ரசப் பாத்திரத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

ஒருநாள் மதியம் சின்னவள் எழுந்து வந்து பெரியவளின் மேசை அருகே நின்றாள்.

"அக்கா, பதினாலாவது அத்தியாயத்துலேர்ந்து மெய்யெழுத்துக்கெல்லாம் புள்ளியே வர மாட்டேங்குது. மருந்துங்கறது மருநதுன்னு வருது. அச்சுப் புத்தகம் ஒரு ரெண்டு நாள் கிடைக்குமா? பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுக்கறேன்."

சாவி பெரியவளின் இடுப்பில்தான் இருந்தது. அலமாரி நாலடி தூரத்தில் இருந்தது.

"அதெல்லாம் வெளிய எடுக்கக் கூடாதும்மா. தொட்டா ஒடயற தாளு. ஸ்கேன் இருக்கே, அதைப் பாத்துக்கோ."

"இங்கயே, உங்க முன்னாலயே வெச்சுப் பாக்கறேன் அக்கா."

"ஸ்கேன்ல இல்லாதது புத்தகத்துல என்ன இருக்கப் போகுது?"

சின்னவள் சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய், அர்த்தத்தை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். பட்டு அனுபவிக்கட்டும் என்று பெரியவளுக்குத் தோன்றியது. அன்று மதியம் அவளுக்கு நல்ல பசி எடுத்தது.

ஆறு வாரத்தில் முழுப் புத்தகமும் முடிந்தது. சோதனைக்காக இறுதியாண்டு மாணவிகள் இருபது பேருக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எல்லா ஊழியர்களையும் கூட்டி அதை முறைப்படி வெளியிடுவதாக முதல்வர் அறிவித்தார். மாணவிகள் சின்னவளுக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். புக் அக்கா. ஸ்கேனர் என்பது மெஷின். புக் என்பது புத்தகம். இந்த வித்தியாசத்தை யாரும் பெரியவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவளும் தன் போனில் அதை இறக்கிக்கொண்டாள். படிப்பதற்கு அல்ல, குறை தேடுவதற்கு. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கினாள். ஒரு துணைக்கால் ரகரமாகவே நின்றிருந்தது. ஓரிடத்தில் இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. இதையெல்லாம் சொன்னால் சிரிப்பார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் பதினேழாவது அத்தியாயத்தில் அது அகப்பட்டது. குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப்பின் அளவு அட்டவணை. அட்டவணை போன் திரையில் அடங்காது என்பதால் சின்னவள் அதைப் பிரித்து, ஒவ்வொரு வயதுக்கும் தனித் துண்டாகக் கீழே கீழே போட்டிருந்தாள். ஒன்று முதல் இரண்டு வயது வரை: ஒரு வேளைக்கு 25 மி.லி. பெரியவள் விரலால் தள்ளினாள். மூன்று முதல் ஐந்து வயது வரை: 5 மி.லி.

சின்னக் குழந்தைக்கு அதிகம், பெரிய குழந்தைக்குக் குறைவா? பதினோரு வருடம் நர்சுகளின் நடுவே புழங்கியவளுக்கு அது எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும். இரண்டரை. அட்டவணையைத் திரும்ப அடித்தபோது புள்ளியை விட்டுவிட்டாள் மூளைக்காரி.

நெஞ்சுக்குள் ஏதோ ஜில்லென்று இறங்கியது. சந்தோஷம்தான், வேறு பெயர் இல்லை அதற்கு. பஸ் டிக்கெட்டின் பின்னால் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டாள். இப்போதே போய்ச் சொன்னால் சின்னவள் ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவாள், "தேங்க்ஸ் அக்கா" என்பாள், முடிந்தது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில், எல்லார் முன்னாலும் எழுந்து, "மேடம், ஒரு சின்ன சந்தேகம்" என்று ஆரம்பித்தால்?

வியாழக்கிழமை முழுக்க அவள் கலகலப்பாக இருந்தாள். மாமியாரின் மாத்திரைகளை எடுத்து வைத்தாள். சின்னவளின் புடவை நன்றாக இருக்கிறது என்றாள். மதியம் பக்கத்து மருத்துவமனைக்கு ஒரு கோப்பைக் கொடுக்கப் போனபோது, குழந்தைகள் வார்டு வாசலில் இருந்த பெஞ்சில் ஒரு மாணவி போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். சோதனைப் பிரதி வாங்கிய இருபது பேரில் ஒருத்தி.

"என்னம்மா படிக்கிற?"

"பதினேழு முடிச்சுட்டேன் அக்கா. பிரேக்ல உக்காந்தே முடிச்சுட்டேன். முன்னல்லாம் இந்த புக்கைத் திறந்தாலே கண்ணு வலிக்கும்."

பெரியவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வார்டில் மூத்த நர்சு பார்க்காமல் ஒரு துளி கொடுக்க மாட்டார்கள். நாளைக்குள் என்ன ஆகிவிடும்? அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். ஆனால் அன்று இரவு பாயில் புரண்டுகொண்டே இருந்தாள். முடிச்சுட்டேன் என்று சொன்ன குரல் காதை விட்டுப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எல்லாருக்கும் முன்னால் நூலகத்தைத் திறந்தாள். அலமாரியிலிருந்து அச்சுப் புத்தகத்தை எடுத்தாள். சாட்சி வேண்டுமல்லவா. அட்டவணையில் பழுப்புத் தாளின் மேல் தெளிவாக இருந்தது: 2.5. கீழே 5. அதற்குக் கீழே 7.5. திருப்தியாகத் தலையாட்டினாள். தன் ஸ்கேனிலிருந்தும் அதே பக்கத்தை ஒரு பிரதி அச்சடித்து வைத்துக்கொண்டால் இரட்டைச் சாட்சி. கோப்பைத் திறந்தாள்.

25. கீழே 5. அதற்குக் கீழே 75.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். படத்தைப் பெரிதாக்கினாள். இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே பால் மாதிரி வெள்ளை. அதே பக்கத்தில் இருந்த சொற்களைப் பார்த்தாள். மெய்யெழுத்துகளின் தலையில் புள்ளி இல்லை. பின்னோக்கிப் போனாள். இருநூற்று நாற்பதாம் பக்கத்தில் எல்லாப் புள்ளிகளும் இருந்தன. இருநூற்று நாற்பத்தொன்றிலிருந்து இல்லை.

அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த இடத்திலிருந்துதான் தாளில் கறை அதிகம். ஸ்கேன் அழுக்காக வருகிறதே என்று மென்பொருளின் அமைப்புகளைத் துழாவியபோது ஒரு சிறு கட்டம் கண்ணில் பட்டது: சிறு புள்ளிகளை அகற்று. அதில் டிக் அடித்தாள். பழுப்புப் பொட்டுகள் எல்லாம் மாயமாக மறைந்தன. எவ்வளவு சந்தோஷப்பட்டாள் அன்று. கறைப் பொட்டு எது, எழுத்தின் புள்ளி எது என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்?

அப்படியானால் அந்த 25 சின்னவளுடையது அல்ல. மூன்று வருடமாகப் பள்ளியில் எல்லார் போனிலும் இருப்பது. சின்னவள் படித்த எழுத்தின் போட்டோவிலேயே அது அப்படித்தான் இருந்தது. அச்சுப் புத்தகத்தைக் கேட்டாள். நாலடி தூரத்தில் நின்று கேட்டாள்.

மணி ஒன்பதரை. பெரியவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இப்போதும் கூட்டத்தில் எழுந்து சின்னவளின் மூக்கை உடைக்கலாம். அச்சுப் புத்தகத்தை மட்டும் காட்டினால் போதும். ஸ்கேனை எடுத்து யார் பார்க்கப் போகிறார்கள்? அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி ஸ்கேன் செய்து சொருகிவிட்டால் அதுவும் முடிந்தது. இதை அவள் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். முழுதாக, நிதானமாக நினைத்தாள். ஆனால் ஒரு பக்கமா? இருநூற்று நாற்பத்தொன்றிலிருந்து கடைசி வரை எத்தனை அட்டவணை, எத்தனை எண்? மூன்று வருடத்தில் எத்தனை பேர் இதைப் படித்துவிட்டுப் போனார்கள்? அந்தக் கணக்கு ஆரம்பித்ததும் சின்னவளின் மூக்கு அவ்வளவு முக்கியமாகத் தெரியவில்லை.

சின்னவள் பத்து மணிக்கு வந்தாள். கூட்டத்துக்காக நல்ல புடவை கட்டியிருந்தாள்.

"இங்க வா" என்றாள் பெரியவள். புத்தகத்தையும் திரையையும் காட்டினாள். எதையும் விடாமல் சொன்னாள், புதன்கிழமையே பார்த்துவிட்டதையும் சேர்த்து.

சின்னவள் குனிந்து இரண்டு எண்களையும் விரல் வைத்து ஒப்பிட்டாள். பின்பு குரலை உயர்த்தாமலே சொன்னாள்.

"எழுத்துன்னா அர்த்தத்தை வெச்சுக் கண்டுபிடிச்சுடலாம் அக்கா. நம்பரை எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது? அதுக்குத்தான் புத்தகத்தைக் கேட்டேன்."

"தெரியும்."

"கேட்டப்ப இல்லன்னீங்க."

"ஆமா. இல்லன்னேன்."

"ஏன்?"

பெரியவள் புத்தகத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "உனக்கு எல்லாம் கைகூடி வருதுன்னு வயிறு எரிஞ்சுது. வேற என்ன சொல்ல?"

சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பரவாயில்லை அக்கா என்று அவள் சொல்லவில்லை. "நான் பிரிச்சுப் போட்டப்பவே வயசையும் அளவையும் ஒப்பிட்டுப் பாத்திருக்கணும். அது என் தப்பு" என்று மட்டும் சொன்னாள். அப்புறம், "வாங்க, மேடம்கிட்ட போவோம்" என்றாள்.

முதல்வர் அறையில் பெரியவள்தான் பேசினாள். முதல்வர் திட்டவில்லை, திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும். மருந்தியல் ஆசிரியையைக் கூப்பிட்டார்.

"அளவு அட்டவணை எல்லாத்தையும் நான் ஒவ்வொரு வருஷமும் என் பழைய பிரதியப் பாத்து போர்டுல எழுதித்தான் போடறேன்" என்றார் ஆசிரியை. "பரீட்சையில ஒரு பொண்ணுகூட இருபத்தஞ்சுன்னு எழுதினதில்ல. வார்டுலயும் ரெண்டு பேர் சரி பாக்காம கொடுக்க மாட்டாங்க. ஆனா இது அதிர்ஷ்டம்தான். இதுக்கு மேல இப்படியே விடக் கூடாது."

கூட்டம் நடக்கவில்லை. பழைய கோப்பு, புதிய மின்னூல் இரண்டையும் யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று அன்றே எல்லா மாணவிகளுக்கும், படித்து முடித்துப் போனவர்களுக்கும் செய்தி போனது. செய்தியில் காரணமும் இருந்தது: ஸ்கேன் செய்ததில் நேர்ந்த பிழை. யார் ஸ்கேன் செய்தது என்று அதில் இல்லை. யாருக்குத்தான் தெரியாது?

திங்கட்கிழமை பெரியவள் இருநூற்று நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை கறுப்பு வெள்ளையில் அல்ல, சாம்பல் நிறத்தில். எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல். பக்கங்கள் அழுக்காக, பழுப்புப் பொட்டுகளோடு வந்தன. புள்ளிகளும் வந்தன. பதினோரு நாளில் முன்னூற்று எழுபத்திரண்டு பக்கம். சின்னவள் மென்பொருளை மறுபடி ஓட்டினாள். பின்பு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பெரியவள் அச்சுப் புத்தகத்திலிருந்து ஒவ்வொரு எண்ணாக உரக்கப் படிக்க, சின்னவள் போன் திரையில் சரிபார்த்தாள்.

"பூஜ்யம் புள்ளி அஞ்சு."

"இருக்கு."

"ஒண்ணு புள்ளி ரெண்டு அஞ்சு."

"இருக்கு. அடுத்தது."

வேலைக்கு வேண்டியதைத் தவிர சின்னவள் பேசவில்லை. முதல் நான்கு நாள் வீட்டிலும் அப்படித்தான். மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பழைய பதிப்பில் விட்டுப்போன புள்ளிகள் எண்களில் மட்டும் நாற்பத்து மூன்று என்று கடைசியில் தெரிந்தது. நாற்பத்து மூன்றையும் பெரியவள் தனித் தாளில் எழுதி முதல்வரிடம் கொடுத்தாள்.

மின்னூல் வெளியானது. இந்த முறையும் கைதட்டல் சின்னவளுக்குத்தான். புக் அக்கா புக் அக்கா என்று மாணவிகள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். அடுத்து உடற்கூறியல் நூலையும் இதேபோல் செய்யலாமா என்று முதல்வர் கேட்டபோது சின்னவள், "அக்கா ஸ்கேன் பண்ணித் தந்தா பண்றேன் மேடம்" என்றாள். அது மரியாதையா, போனால் போகிறது என்ற பிச்சையா என்று பெரியவளுக்குப் புரியவில்லை. சாயங்காலம் முழுக்க அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொறாமை போய்விடவில்லை. பல் வலி குறைந்தாலும் நாக்கு அங்கேயே போய் நிற்பதுபோல் அது இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் சின்னவள் புதிய புத்தகத்துக்கான மாதிரிக் கோப்பைத் திறந்தபோது, பெரியவள் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டாள்.

"அந்தத் தலைப்புக்கெல்லாம் அடையாளம் போடறியே, அது எப்படின்னு காட்டு."

சின்னவள் சற்றுத் திகைத்துத் திரும்பினாள். "எதுக்கு அக்கா?"

"நீ லீவு போட்டா நான் முழிச்சுட்டு நிக்கணுமா? சொல்லு. மெதுவாச் சொல்லு, எழுதிக்கணும்."

சின்னவள் விசைப்பலகையை இருவருக்கும் நடுவில் தள்ளி வைத்தாள்.